திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள்

1

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி இருக்கும். அக்கா மகள் போன் பண்ணினாள். "மாமா, வேலை வந்துடுச்சி. லெட்டர் அனுப்பியிருக்காங்க. ஆறு பக்கம். திங்கக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணுமாம். நீ படிச்சிட்டுச் சொல்லு."

பி.எஸ்சி. கணிதம் படித்தவள். இரண்டு வருஷமாக ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். மாதம் பதினோராயிரம். நாளெல்லாம் நின்றுகொண்டே செய்கிற வேலை. இப்போது வந்திருப்பது, மருத்துவமனைக் கட்டணக் கணக்குகளைச் சரிபார்த்துத் தரும் ஒரு தனியார் நிறுவனத்தின் கடிதம். வருஷத்துக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம் என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் இதற்கு முன் யாருக்கும் இப்படியொரு தாள் வந்ததில்லை. எங்கள் அப்பாவைப் பண்ணைக்குச் சேர்த்தபோது, வருஷத்துக்கு இத்தனை மூட்டை நெல், தீபாவளிக்கு ஒரு வேட்டி என்று வாயால் சொன்னார்கள். அவ்வளவுதான். முன்பணம் வாங்கியபோது மட்டும் தாள் வந்தது. அதில் அவர் கைநாட்டு வைத்தார். எங்களுக்குத் தாள் என்றால் கடன் என்றே பொருள்.

அன்று ராத்திரி அக்கா வீட்டுக்குப் போய் ஆறு பக்கத்தையும் படித்தேன். நான் படித்தது தமிழ் எம்.ஏ. சட்டம் எனக்குத் தெரியாது, இலக்கணம் தெரியும். அதனால் வினைச்சொற்களை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தாலும் தமிழில் சொல்லிப் பார்த்தால் விஷயம் பிடிபட்டது. நிறுவனம் எழுவாயாக வரும் இடமெல்லாம் வினைமுற்று 'லாம்' என்று முடிகிறது: நீட்டிக்கலாம், மாற்றலாம், நிறுத்தலாம், திரும்பப் பெறலாம். இவள் எழுவாயாக வரும் இடமெல்லாம் 'வேண்டும்': சேர வேண்டும், ஒப்படைக்க வேண்டும், செலுத்த வேண்டும், பதில் தர வேண்டும். ஒரே தாளில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கு எல்லாம் விருப்பம், இன்னொருவருக்கு எல்லாம் கடமை.

நான்காம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. பணியில் சேரும் நாளில் பயிற்சி ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட வேண்டும். பதினெட்டு மாதத்துக்குள் வேலையை விட்டால் ஒரு லட்ச ரூபாய் கட்ட வேண்டும். அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும். அந்த ஒப்பந்தம் கடிதத்தோடு இணைக்கப்படவில்லை.

"குரூப் ஃபோர் எழுதியிருக்கேன் மாமா. அது வந்துட்டா போயிடுவேன். அப்படி நெனச்சிக்கிட்டே இதுல கையெழுத்துப் போட்டா தப்பா?" என்றாள்.

நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். "சும்மா போடு. பசியில போடுற கையெழுத்து சம்மதமே கெடையாது. அந்தக் காகிதத்துக்கு நீ கடமப்பட்டவ இல்ல."

அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். "நீ கூட்டத்துல பேசுறத இங்க பேசாத. கையெழுத்துப் போட்டா போட்டதுதான்டா. பொய்யின்னு தெரிஞ்சே போடுறதுக்கு அவள நான் படிக்க வைக்கல."

இந்தக் கட்டுரை அக்காவுக்கு நான் தர வேண்டிய பதில். அன்று என்னிடம் பதில் இல்லை.

2

நான் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக அம்பேத்கர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் இதே கேள்வி வருகிறது. வேலையில்லாத ஒருவனுக்கு ஏதோ ஒரு வேலை, ஏதோ ஒரு கூலி கொடுத்து, நேர வரம்பு கிடையாது, சங்கத்தில் சேரக்கூடாது என்று நிபந்தனை போட்டால் அவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று அவர் கேட்கிறார். பட்டினி பயம் உள்ளவன் தன் உரிமைகளை விட்டுக்கொடுத்துத்தான் வேலை வாங்குகிறான். அரசு தலையிடாமல் ஒதுங்கி நின்றால் கிடைப்பது சுதந்திரம் என்கிறார்களே, அது யாருக்குச் சுதந்திரம்? கூலியைக் குறைக்க முதலாளிக்குச் சுதந்திரம். அவர் வாதத்தின் சாரம் இதுதான்.

சரி. ஆனால் அம்பேத்கர் இதிலிருந்து எந்த முடிவுக்கு வந்தார்? அரசும் சட்டமும் தலையிட வேண்டும் என்ற முடிவுக்கு. கையெழுத்துப் போட்டுவிட்டு ஏமாற்றலாம் என்ற முடிவுக்கு அல்ல. நான் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டேன். 'உன் கையெழுத்து செல்லாது' என்று ஒரு பெண்ணிடம் சொல்வது அவளுக்கு விடுதலை தருவதுபோலத் தெரியும். உண்மையில், அவள் வார்த்தைக்கு மதிப்பில்லை என்று பண்ணையார் சொன்னதையேதான் நானும் வேறு காரணம் காட்டிச் சொல்கிறேன். அக்காவுக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

அதனால் கேள்வியை மாற்றிப் போட வேண்டியிருந்தது. அவள் கையெழுத்து அவளைக் கட்டுப்படுத்துமா என்பது இரண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, அந்தத் தாளை எழுதியவன் அவள் வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் அவளை வைத்து எழுதியிருக்கிறானா என்பது. ஒருத்தி மனதாரச் சரி என்று சொல்ல மூன்று வேண்டும். என்ன தருகிறார்கள் என்று புரிய வேண்டும். பிடிக்காவிட்டால் வெளியே வர வழி வேண்டும். யோசிக்க நேரம் வேண்டும். சம்பளம், புரொபேஷன், கெடு ஆகிய மூன்று பத்திகளையும் இந்தக் கண்ணோடு சனிக்கிழமை மறுபடியும் படித்தோம்.

3

முதலில் சம்பளம். வருஷம் 3,60,000 என்றால் மாதம் 30,000 என்று அக்கா கணக்குப் போட்டிருந்தாள். சீட்டு ஒன்று சேரலாம் என்றுகூட நினைத்திருந்தாள். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டவணை இருந்தது. அதை அவளே ஒரு நோட்டில் மாதக் கணக்காக எழுதினாள். அடிப்படைச் சம்பளம் 15,000. வீட்டு வாடகைப்படி 6,000. சிறப்புப் படி 3,479. நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,800. கிராஜுவிட்டி 721. வேரியபிள் பே 3,000. கூட்டினால் சரியாக 30,000 வருகிறது. பொய் எதுவும் இல்லை.

ஆனால் இதை சி.டி.சி. என்கிறார்கள். அவளால் நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு என்று பொருள். அவள் கைக்கு வருவது என்று பொருளல்ல. மாதா மாதம் உண்மையில் வருவது முதல் மூன்று வரிகள் மட்டும்: 24,479. அதிலும் அவள் பங்கு பி.எஃப். 1,800 பிடிப்பார்கள். மிச்சம் 22,679. தொழில் வரி தனி. முப்பதாயிரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் 7,321 ரூபாய்.

இந்த 7,321ஐப் பிரித்துப் பார்த்தால்தான் எது நியாயம், எது தந்திரம் என்று தெரியும். பி.எஃப். இரண்டு பங்கும் சேர்த்து 3,600. இது அவள் பெயரில் சேர்கிறது. நிறுவனம் கட்டுவதில் பெரும் பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். தாமதமாக வந்தாலும் அவள் காசு. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிராஜுவிட்டி 721 அப்படியல்ல. நிரந்தரப் பணியாளருக்குப் பொதுவாக ஐந்து வருஷம் முடித்தால்தான் அது கிடைக்கும். நாலு வருஷத்தில் விட்டுப்போனால் அதில் ஒரு பைசா அவளுக்கில்லை. வராமலே போகக்கூடிய பணத்தைச் சம்பளம் என்று எண்ணிக் காட்டுகிறார்கள். மூன்றாவது வேரியபிள் பே. வருஷத்துக்கு 36,000. நிறுவனத்தின் லாபம், அவளுடைய மதிப்பீடு இரண்டையும் பொறுத்து ஆண்டு முடிவில் தரப்படலாம் என்று எழுதியிருந்தது. இங்கேயும் 'லாம்'. அன்றைய தேதியில் பணியில் இருக்க வேண்டும், புரொபேஷன் முடிந்திருக்க வேண்டும் என்று அடிக்குறிப்பு.

சட்டம் இங்கே ஓரளவு தலையிட்டிருக்கிறது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, விலக்கப்பட்ட படிகளெல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் மிஞ்சியதும் ஊதியமாகவே கணக்கிடப்படும். அடிப்படையைச் சின்னதாகக் காட்டி பி.எஃப்., கிராஜுவிட்டியைக் குறைக்கிற பழைய வேலை இனி அவ்வளவு சுலபமில்லை. அடிப்படை சரியாகப் பாதி, 15,000 என்று நின்றது அதனால்தானோ என்னவோ. ஆனால் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் 22,679 என்று போடச் சொல்லி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முதல் பக்கத்தில் ஆசையும் கடைசிப் பக்கத்தில் உண்மையும் இருக்கிற தாளைப் படித்துவிட்டுச் சரி என்று சொன்னால், எந்தப் பக்கத்துக்குச் சரி சொன்னாள்?

4

அடுத்து புரொபேஷன். அரசுத் தமிழில் தகுதிகாண் பருவம். ஆறு மாதம், நிறுவனம் விரும்பினால் நீட்டிக்கலாம். எத்தனை முறை என்று இல்லை. எழுத்து மூலம் உறுதி செய்யப்படும் வரை புரொபேஷனில் இருப்பதாகவே கொள்ளப்படும். அதாவது ஆறு மாதம் முடிந்து ஏழாவது மாதச் சம்பளம் வாங்கிவிட்டதால் நிரந்தரமாகிவிட்டோம் என்று நினைக்க முடியாது. தாள் வந்தால்தான். தாளே வராமல் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். உறுதி செய்யாதவரை வேரியபிள் பேவும் கிடையாது என்பதை மேலே உள்ள அடிக்குறிப்போடு சேர்த்துப் படிக்க வேண்டும். தனித்தனியாகப் படித்தால் இரண்டும் சாதுவான வாக்கியங்கள்.

புரொபேஷன் காலத்தில் நிறுவனம் ஏழு நாள் நோட்டீஸில், காரணம் சொல்லாமல், அவளை நிறுத்தலாம். அவள் போவதென்றால் முப்பது நாள் முன்னால் சொல்ல வேண்டும், கூடவே அந்த ஒரு லட்சம். ஒருவரை ஒருவர் சோதித்துப் பார்க்கும் காலம் என்றுதான் இதற்கு நியாயம் சொல்வார்கள். அப்படியானால் வாசல் இரண்டு பேருக்கும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். இங்கே அவனுக்கு ஏழு நாள். இவளுக்கு முப்பது நாளும் நாலு மாதச் சம்பளத்துக்கு மேலும். அவள்தான் சோதிக்கப்படுகிறாள். சோதிக்கிறவனை யாரும் சோதிக்கவில்லை.

இந்த பாண்டு பற்றி நீதிமன்றங்கள் சொன்னதை ஒரு வழக்கறிஞர் தோழரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1986இல் உச்ச நீதிமன்றம், மத்திய உள்நாட்டு நீர்ப் போக்குவரத்துக் கழகத்துக்கும் பிரோஜோநாத் கங்குலிக்கும் நடந்த வழக்கில், மூன்று மாத நோட்டீஸில் காரணமின்றி நிரந்தர ஊழியரை நீக்கலாம் என்ற விதியைச் செல்லாது என்றது. பேரம் பேசும் பலம் சமமில்லாத இடத்தில், புள்ளியிட்ட கோட்டில் கையெழுத்துப் போட்டான் என்பதற்காகவே அநியாயமான விதி நியாயமாகிவிடாது என்பது அதன் சாரம். அது அரசு நிறுவனம். 2025இல் விஜயா வங்கி வழக்கில் அதே நீதிமன்றம், மூன்று வருஷத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற விதியை ஏற்றுக்கொண்டது. உயர் நிலையில், நல்ல சம்பளத்தில் இருந்த அதிகாரி அவர். வெளியேறும் வழியையே பொய்யாக்கிவிடும் அளவுக்கு அந்தத் தொகை பெரிதல்ல என்றது.

ஆக, பாண்டு என்றாலே செல்லாது என்று நான் அக்காவிடம் சொன்னது தப்பு. ஆனால் அந்தத் தீர்ப்புக்குள்ளேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. இந்தத் தொகை இந்த மனுஷிக்கு வெளியே போகும் வாசலை அடைக்கிறதா? இரண்டு லட்சம் ஒரு அதிகாரிக்கு வலி. 22,679 வாங்குகிறவளுக்கு ஒரு லட்சம் பூட்டு. இன்னொன்றும் உண்டு. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, தாளில் எழுதிய தொகை முழுவதும் தானாக வந்துவிடாது. அந்தத் தொகையை உச்சவரம்பாக வைத்து, நியாயமான ஈடு எவ்வளவோ அதுதான்.

5

மூன்றாவது கெடு. வெள்ளி சாயங்காலம் அனுப்பி, திங்கள் மாலை ஐந்து மணி. நடுவில் சனி, ஞாயிறு. அந்த இரண்டு நாளும் அவர்கள் அலுவலகத்தில் போனை எடுக்க ஆள் இல்லை. யோசிக்க மூன்று நாள் என்று தோன்றும். கேட்டுத் தெரிந்துகொள்ள இருந்தது திங்கட்கிழமை பகல் மட்டும்.

கெடு என்பது இரண்டு பக்கத்துக்குமான வாக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒப்பந்தச் சட்டத்தின்படி, குறித்த நேரம் தாண்டினால் முன்மொழிவு செத்துவிடும். ஆனால் அந்த நேரத்துக்கு முன்னால், அவள் ஏற்றுக்கொள்வதற்குள், அவர்கள் அதைத் திரும்பப் பெறலாம். திறந்து வைத்திருப்பதற்காக அவள் ஏதும் கொடுத்திருந்தாலொழிய, திறந்து வைத்திருக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கில்லை. கெடு அவளை மட்டும் கட்டுகிறது.

இன்னொரு கண்ணி 7ஆம் பிரிவில் இருக்கிறது. ஏற்பு முழுமையாக, நிபந்தனையில்லாமல் இருக்க வேண்டும். "சேர்கிறேன், ஆனால் நோட்டீஸ் பதினைந்து நாளாக இருக்கட்டும்" என்று எழுதினால் அது ஏற்பு அல்ல, புதிய முன்மொழிவு. பழையது அத்தோடு போய்விடும். வேலை கைநழுவிப் போக ஒரு 'ஆனால்' போதும். ஆனால் விளக்கம் கேட்பது நிபந்தனை அல்ல. "இந்த வேலையில் எனக்கு விருப்பம் உண்டு. பதில் தருவதற்கு முன் இவற்றை மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்று எழுதினால் முன்மொழிவு உயிரோடுதான் இருக்கும். கேட்கிற உரிமையும் இந்தத் தாளுக்குள்தான் இருக்கிறது, தேடி எடுக்க வேண்டும். பயந்தவர்கள் கேட்பதில்லை, கோபப்பட்டவர்கள் நிபந்தனை போட்டுவிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவளே ஆங்கிலத்தில் நாலு கேள்வி எழுதினாள். முதல் வருஷம் வேரியபிள் பே கிடைக்குமா? புரொபேஷன் அதிகபட்சம் எவ்வளவு காலம்? பயிற்சி ஒப்பந்தத்தின் நகலை முன்கூட்டியே அனுப்ப முடியுமா? சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தருவீர்களா? கடைசியில், ஒப்பந்தத்தைப் படிக்க இரண்டு நாள் அவகாசம் வேண்டும் என்று ஒரு வரி. ஒரு 'ஆனால்' கூட இல்லை. அனுப்புவதற்கு முன் கை நடுங்கியது அவளுக்கு. "வேற ஆளப் பாத்துக்கிறோம்னு சொல்லிட்டா?" என்றாள். சொல்லியிருக்கலாம், அது அவர்களுடைய 'லாம்'களில் ஒன்று. எனக்கும் வயிற்றைக் கலக்கியது. போவது என் வேலையல்ல, அவளுடையது.

திங்கள் மதியம் போனில் பேசினார்கள். அசல் சான்றிதழ் பார்த்துவிட்டுத் தந்துவிடுவோம் என்றார்கள். "சார், அதை மட்டும் மெயில்ல ஒரு வரி போட்டுடுங்க" என்று கேட்டாள். போட்டார்கள். கெடு புதன்கிழமைக்குப் போனது. முதல் வருஷம் வேரியபிள் பே அநேகமாக இருக்காது என்று ஒத்துக்கொண்டார்கள். புரொபேஷன் பற்றி, கம்பெனி பாலிசி. பாண்டு பற்றி, கம்பெனி பாலிசி. ஒப்பந்தத்தின் நகல் வந்தது. அதில் நாங்கள் எதிர்பார்க்காத ஒரு வரி இருந்தது: ஜாமீன்தாரராகத் தகப்பனார் கையெழுத்து.

அவள் அப்பா கொத்தனார் வேலைக்குப் போகிறவர். நான் சொன்னபடி 'சும்மா போட்டு'விட்டு அவள் போயிருந்தால் நோட்டீஸ் அவர் பெயருக்கு வந்திருக்கும். இது அந்தப் பக்கத்தைத் திறக்கும் வரை எனக்குத் தெரியாது. வீரம் பேசியவன் நான், ஜாமீன் அவர்.

6

புதன்கிழமை காலை அவள் ஏற்றுக்கொண்டாள். துணிக்கடை வேலையை உடனே விடவில்லை. அந்தக் கடிதமே தான் நியமன ஆணை அல்ல என்று ஐந்தாம் பக்கத்தில் சொல்கிறது. பின்னணிச் சரிபார்ப்பு முடிந்தால்தான் நியமனக் கடிதம். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி அந்தக் கடிதம் தர வேண்டியது முதலாளியின் கடமை. அது கைக்கு வந்த பிறகுதான் கடையில் சொன்னாள்.

இப்போது அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். குரூப் ஃபோர் வந்து பத்தாவது மாதத்தில் போக வேண்டியிருந்தால், அது வாக்குத் தவறுவதா?

அவள் உண்மையில் எந்த வாக்கைத் தந்தாள் என்று பார்க்க வேண்டும். இருக்கிற நாள்வரை வேலையை ஒழுங்காகச் செய்வேன், போகும்போது முன்கூட்டிச் சொல்வேன், என்னால் உனக்கு நஷ்டம் வந்தால் ஈடு செய்வேன். இந்த மூன்றையும் அவள் மனதாரத் தரலாம். தந்தால் காப்பாற்றவும் வேண்டும். இதில் அக்கா சொன்னதுதான் சரி. பசியில் போட்டதாக இருந்தாலும் கையெழுத்து கையெழுத்துதான். பதினெட்டு மாதம் இருந்தே தீருவேன் என்று யாராவது வாய்விட்டுக் கேட்டிருந்தால், தேர்வு எழுதியிருக்கிறேன் என்று உண்மையைச் சொல்ல வேண்டியதுதான். யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் அவளுடைய எண்ணத்தைக் கேட்கவில்லை, போனால் என்ன விலை என்று மட்டும் சொல்கிறது. விலையைத் தெரிந்துகொண்டு போவது ஏமாற்று ஆகாது.

ஆனால் அந்த விலையில் இரண்டு பொருள் கலந்திருக்கிறது. பயிற்சிக்கு அவர்கள் உண்மையில் செலவழித்தது ஒன்று. அவள் அசையக்கூடாது என்பதற்காகச் சேர்த்த பயம் இன்னொன்று. முதலாவது கடன், கொடுக்க வேண்டும். இரண்டாவது கடன் அல்ல. ஒருவர் இன்னொருவருக்குக் கடன்பட முடிவது, தன்னால் வந்த இழப்புக்குத்தான். தன்மேல் விதிக்கப்பட்ட அச்சத்துக்கு யாரும் கடன்படுவதில்லை. 74ஆம் பிரிவு சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். பயிற்சிக்கு எவ்வளவு ஆனது என்று அவர்கள் கணக்குக் காட்டட்டும். இவள் பத்து மாதம் உழைத்ததையும் அந்தக் கணக்கில் சேர்க்கட்டும். மிச்சம் இருந்தால் தவணையில் கட்டுவாள். அப்போதும் அவர்கள் முழு லட்சமும் கேட்டால் சண்டைதான். அந்தச் சண்டையில் நான் நிற்பேன், கூட்டத்தில் பேசுவதைப் பேசவும் செய்வேன்.

அக்காவிடம் இதை இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. "பட்ட கடன குடுத்துட்டுப் போவா, படாத கடனுக்குப் பதில் சொல்ல மாட்டா" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "எது பட்டது, எது படாததுன்னு யாரு எழுதறது?" என்று கேட்டாள்.

அந்தப் பயிற்சி என்றைக்கு, எத்தனை நாள், யார் நடத்தினார்கள் என்று சேர்ந்த நாளிலிருந்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். நேற்று வரைக்கும் பதினோரு நாள் நடந்திருக்கிறது. சொல்லித் தந்தது வெளியாள் இல்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒரு சீனியர் பெண்.